பீரோ நல்ல பீரோ

நான் வேதாச்சலம். சித்தூரில் ஒரு மிஷன் அச்சுக்கூடத்தில் பதினோரு வருஷமாகப் பிழை திருத்துகிற பண்டிதன். நெற்றியில் விபூதியோடு கிறிஸ்தவர்களின் மாதப் பத்திரிகையைத் திருத்துகிறேன் என்று ஊரில் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒற்றுப் பிழைக்கு மதம் கிடையாது.

பத்திரிகையின் பெயர் ‘சபை மணியோசை’. சித்தூர் ஜில்லாவில் இருக்கிற சபைகளிலிருந்தெல்லாம் எழுத்து வரும். பலமனேரிலிருந்து ஒருவர் தக்காளிக்கு வந்த நோயைப் பற்றி எழுதுவார். இன்னொருவர் தன் மாமனார் காலமானதைப் பற்றி எழுதுவார். எல்லாம் என் மேஜைக்கு வரும், நான் சிவப்பு மையைத் தொட்டு உட்காருவேன், எழுந்திருக்கும்போது தக்காளியும் மாமனாரும் ஒரே நடையில் இருப்பார்கள். அதை நான் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுத்து கோர்க்கிற முனிரத்தினம் மட்டும் ஒரு நாள் சொன்னான்.

“பண்டிதரே, போன மாசம் செத்துப்போன பெரியவரும் இந்த மாசம் தக்காளி போட்டவரும் ஒரே மாதிரி பேசறாங்களே. ஒரே ஆளா?”

“நீ எழுத்தைக் கோர்த்தால் போதும்” என்றேன். எனக்கு முன்கோபம் உண்டு. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

1934 மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, கிருபாவதி என்கிற அம்மாள் அச்சுக்கூடத்துக்கு வந்தாள். ஒரு கையில் மடித்த காகிதம். இன்னொரு கையில் மூன்று தபால் உறைகள், ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

“நான் தச்சர் இயேசுதாசன் சம்சாரம்” என்றாள். “அவரு கோச்சிக்கினு திருப்பதி போய் ஒரு மாசம் ஆவுது.”

“என்ன கோபம்?”

அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்குகிறாள்.

விஷயம் இதுதான். மகள் ஜெயகுமாரிக்குப் பலமனேரில் மாப்பிள்ளை பார்த்து, மே மாதம் பதினாறாம் தேதி கல்யாணம் என்று முடிவாகியிருக்கிறது. சீராகக் கொடுக்க இயேசுதாசன் தன் கையாலேயே தேக்கில் ஒரு பீரோ செய்தார். மழை, தூசி படக்கூடாது என்று வீட்டு நடு அறையிலேயே வைத்துச் செய்தார். நாலு மாத வேலை. இழைத்து, மெருகு போட்டு, கொடிப்பூ செதுக்கி முடித்து, நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னபோதுதான் தெரிந்தது, பீரோ வாசலைவிட ஆறு அங்குலம் அகலம். நேராகத் தூக்கினார்கள், சாய்த்துத் தூக்கினார்கள், படுக்க வைத்து இழுத்தார்கள். பீரோ வெளியே வரவில்லை. ஜில்லாவில் உள்ள பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் பெஞ்சு செய்து கொடுத்த தச்சர் தன் வீட்டு வாசலை அளக்கவில்லை.

“நான் சும்மா இருந்திருக்கணும்” என்றாள் கிருபாவதி. “இருக்க முடியல. தெருவுல இருக்கிறவங்களயெல்லாம் கூப்ட்டு காட்டிட்டேன். எல்லாரும் வந்து பாத்து சிரிச்சிக்கினு போனாங்க. அவரு ரம்பத்த எடுத்துக்கினு அப்டியே ரயிலுக்குப் போய்ட்டாரு.”

திருப்பதியில் ஒரு சபைப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு வேலை செய்கிறாராம். இவள் மூன்று கடிதம் போட்டாள். மூன்றும் பிரிக்காமல் திரும்பி வந்தன. மூன்றாவது உறையின் முதுகில் தச்சுப் பென்சிலால் எழுதியிருந்தது: ‘தெருவே கேக்க சிரிச்சவ ஜில்லாவே கேக்க கூப்பிடட்டும்.’

“ஜில்லாவே கேக்கணும்னா உங்க பேப்பர்தானே?” என்றாள். “அவரு கடுதாசிய பிரிக்க மாட்டாரு. மணியோசைய வுட மாட்டாரு. அட்டையிலேர்ந்து அட்டை வரிக்கும் படிப்பாரு. மே பதினாறுக்குள்ள அவரு வரணும், அய்யா. நைனா இல்லாம கோயிலுக்குள்ள நடக்க மாட்டேன்னு பொண்ணு சொல்லிட்டா.”

எனக்கு மனசு இளகிவிட்டது. அதுதான் ஆபத்து. மனசு இளகினால் நான் மிகவும் நன்றாகத் திருத்துவேன்.

காகிதத்தைப் பிரித்தேன். முற்றுப்புள்ளி ஒன்றுகூட இல்லை. ‘கள்யாணம்’ என்றிருந்தது. ‘வாசள்’ என்றிருந்தது. நடுவில் ஒரு பூனை வேறு குட்டி போட்டிருந்தது, களி உருண்டை ஒன்று மிச்சமாகியிருந்தது. கணவனை ‘நீ’ என்று எழுதியிருந்தாள். ஜில்லா முழுக்கப் படிக்கிற பத்திரிகையில் இந்த அம்மாளுக்கு ஒரு கௌரவம் வேண்டாமா? சிவப்பு மையில் பேனாவைத் தோய்த்தேன். பூனையை விரட்டினேன். ‘நீ’யைத் ‘தேவரீர்’ ஆக்கினேன். பீரோ அந்நியச் சொல், அதைப் ‘பேழை’ ஆக்கினேன். கடைசியில் ‘பீரோ நல்ல பீரோ வாசள்தான் தப்பு’ என்றிருந்ததை, வாசல் குறுகியது என்று முன்னமே வந்துவிட்டதால் கூறியது கூறல் என்று அடித்தேன். குடும்ப விஷயமாயிற்றே என்று பெயர்களையும் எடுத்துவிட்டேன். ஏப்ரல் இதழில் இப்படி வந்தது:

‘ஓர் ஏழையின் விண்ணப்பம். மாட்சிமை பொருந்திய நாதரே! இல்லத்தினுள்ளே பேழையானது புறம்போதற்கு வழியின்றித் தவிக்கின்றது. பேழையோ பெரிது, வாயிலோ சிறிது. நகைத்த பேதைமையை மன்னித்தருளித் தேவரீர் தமது திருக்கரத்தினால் வாயிலை விசாலமாக்கி எம்மை ஆட்கொள்ள எழுந்தருள வேண்டும். மங்கல நாள் நெருங்குகின்றது. இங்ஙனம், வழிமேல் விழி வைத்திருக்கும் அடியாள்.’

படித்துப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. முனிரத்தினத்துக்கும் கலங்கியிருக்க வேண்டும். அவன் தலையைச் சொறிந்தான்.

கிருபாவதிக்கு ஏக சந்தோஷம். “எவ்ளோ அழகா எழுதிக்கிறேன் பாருங்க!” என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினாள். புரிந்ததா என்று ஒருத்தி கேட்டதற்கு, “புரியல, ஆனா அழுவ வருது” என்றாளாம்.

மூன்று வாரம் கழித்துத் திருப்பதியிலிருந்து ஆசிரியருக்கு ஒரு கார்டு வந்தது. தச்சுப் பென்சில் எழுத்து.

‘மணியோசை ஆசிரியருக்கு ஸ்தோத்திரம். ஏப்ரல் மாச பேப்பரில் வாசல் சின்னது பேழை பெருசு என்று ஒரு போதகர் எழுதிய பிரசங்கம் ரொம்ப அருமை. மனுசன் மனசுதான் வாசல் என்று புரிந்துகொண்டோம். இங்கே ஞாயித்துக்கிழமை சபையில் நானே நின்று வாசித்தேன். எல்லாரும் அழுதார்கள். அந்த போதகர் பெயர் தெரிவிக்கவும். சித்தூரில் என் சம்சாரம் கிருபாவதி என்று ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு இதை யாராவது படித்துக் காட்டினால் புத்தி வரும். இப்படிக்கு, இயேசுதாசன், தச்சர்.’

கார்டை இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை முனிரத்தினம் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்தான், சத்தமாக, ராகம் போட்டு.

“போதகரே!” என்றான்.

அவனை அடிக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். காகிதம் குத்துகிற ஆணிதான் கிடைத்தது. கொலை வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

மறுநாளே ரயிலேறினேன். பாகாலாவில் வண்டி மாறி, திருப்பதியில் இறங்கினேன். மலையிலிருந்து இறங்குகிற மொட்டைத் தலைகளுக்கு நடுவே விலாசம் கேட்டு அலைந்து, பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடிக்க உச்சிவேளை ஆகிவிட்டது. மரத்தூளுக்கு நடுவில் இயேசுதாசன் பெஞ்சுக் காலை இழைத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், காதில் பென்சில். தாழ்வாரத் தூணில் என் ‘விண்ணப்பத்தை’ வெட்டி ஒட்டியிருந்தார்.

நான் யார் என்று சொன்னேன். அவர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டார்.

“அந்தப் போதகர் யாருங்கய்யா?”

“போதகர் இல்லை. அதை எழுதினது உம்முடைய சம்சாரம்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“எங்க கிருபாவதியா? ‘எழுந்தருள வேண்டும்’னு சொல்லிச்சா? அய்யா, அது என்னை சோத்துக்குக் கூப்பிட்டாலே தெருமுனை நாய் எந்திரிச்சி வரும்!”

“சத்தியமாய் அவள்தான்.”

“பெரியவரே, பொய் சொல்லாதீங்க. சமாதானம் பண்ண வந்துக்கிறீங்க, புரியுது. ஆனா இந்த மாதிரி பரிசுத்தமான எழுத்த அவ தலைமேல கட்டாதீங்க.” முகம் மாறிவிட்டது. “அவ என்னைக் கூப்ட்டா எனக்குத் தெரியாதா? இருவத்திரெண்டு வருசம். இருட்டுல தும்மினாக்கூட அவதான்னு சொல்லுவேன். அவ பேப்பர்ல ஒரு வார்த்தை எழுதட்டும், அடுத்த வண்டியில வரேன். எழுதல. அவளுக்கு இன்னும் சிரிப்பு அடங்கல.”

சொல்லிவிட்டு இழைப்புளியை எடுத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் இரண்டு மாதமாகக் காத்திருக்கிறார். அவள் கூப்பிட்டும் விட்டாள். நடுவில் நான் ஒருவன் உட்கார்ந்து, அவள் குரலைக் கழுவிக் கழுவி, அவள் புருஷனுக்கே அடையாளம் தெரியாமல் பண்ணிவிட்டேன். தூணில் ஒட்டியிருந்த என் வசனத்தைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. ‘புறம்போதற்கு’. தூ!

சித்தூருக்கு வந்ததும் நேரே ஆணியிடம் போனேன். அச்சானபின் மூலப் பிரதிகளை அதில்தான் குத்தி வைப்போம். கிருபாவதியின் காகிதம் இருந்தது. ஆனால் படிக்க முடியவில்லை. என் சிவப்பு மை, வேலி போட்ட மாதிரி அவள் எழுத்து மேலெல்லாம் ஓடியிருந்தது. அந்த அம்மாளை அழைத்து மறுபடி எழுதச் சொன்னேன்.

“நான்தான் ரொம்ப நல்லா எழுதிட்டேனே” என்றாள்.

கார்டைக் காட்டினேன். படித்து முடித்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

“புத்தி வரும்னு எழுதிக்கிறாரு” என்றாள். “அய்யா, ஓலை வாசிக்க ஆரம்பிச்சிட்டாங்க. இன்னும் ரெண்டே ஞாயிறு.”

கோயிலில் கல்யாண அறிவிப்பு மூன்று ஞாயிறு வாசிப்பதைத்தான் ஓலை என்கிறார்கள். அப்புறம் கல்யாணம். மே இதழ் அச்சேற நாலு நாள்தான் இருந்தது.

பேனாவை அவள் கையில் கொடுத்தேன். எழுதினாள். வாங்கிப் பார்த்தேன்: ‘மாட்சிமை பொருந்திய நைனாவே’ என்று ஆரம்பித்திருந்தது. என் வியாதி அவளுக்கும் தொற்றிவிட்டது. பழைய காகிதத்தைத்தான் மீட்டாக வேண்டும்.

நானும் முனிரத்தினமும் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சிவப்புக்கு அடியிலிருந்த கறுப்பைப் படித்தோம். தவறுதலாக அடித்த சொல்லைத் திரும்பச் சேர்க்க அச்சுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சொல்லுக்கு அடியில் வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதுவோம். பதினோரு வருஷத்தில் அதை நான் இரண்டு தடவை எழுதியிருப்பேன். அன்றைக்கு முப்பத்தேழு இடத்தில் எழுதினேன்.

திருத்தவே இல்லை என்று நினைக்காதீர்கள். நான் பண்டிதன்தானே. ‘கள்யாணம்’ கல்யாணம் ஆயிற்று. ‘வாசள்’ வாசல் ஆயிற்று. மூச்சு விடுகிற இடமாகப் பார்த்து முற்றுப்புள்ளி வைத்தேன். ‘மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க நைனா எங்கன்னு கேட்டாங்க சொல்லல’ என்றிருந்ததில் யார் சொல்லவில்லை என்று தெரியவில்லை. ஊகிக்காமல் அவளையே கேட்டேன். “நான்தான் சொல்லல” என்றாள். ‘நான்’ என்று ஒரு சொல் சேர்த்தேன். அவ்வளவுதான். ‘கினு’வைத் தொடவில்லை. தொடப்போன விரலை முனிரத்தினம் அளவுகோலால் தட்டினான்.

“பூனை?” என்றான்.

“இருக்கட்டும்” என்றேன்.

ஆனாலும் பழக்கம் போகுமா? அவன் தண்ணீர் குடிக்கப் போன சமயம் பார்த்து, ஆரம்பத்தில் ‘என் அன்பரே’ என்று இரண்டே சொல் சேர்த்துவிட்டேன். புரூப் எடுத்து கிருபாவதியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னோம். மற்ற வரியெல்லாம் கடகடவென்று ஓடியது. அந்த இரண்டு சொல்லில் மட்டும் கல் தடுக்கின மாதிரி நின்றாள்.

“இது யாரு பேசறது? நான் இல்லயே.”

“ஒரு மரியாதைக்கு...” என்று இழுத்தேன்.

“நான் அன்பரேன்னு கூப்ட்டா அவரு டாக்டரக் கூட்டிக்கினு வருவாரு, அய்யா.”

அடித்தேன். ஆனால் அவளுக்கும் ஒரு தயக்கம் வந்துவிட்டது. “இது ரொம்ப சாதாரணமா கீதே. ஜில்லாவே படிக்குமே. களி உருண்டைய எடுத்துடலாமா? அந்தக் கடைசியில, பீரோ நல்ல பீரோன்னு, அது பைத்தியம் மாதிரி கீது.”

“ஒன்றையும் எடுக்கக் கூடாது!” என்று மேஜையைத் தட்டிக் கத்தினேன். அச்சு இயந்திரக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பண்டிதன் களி உருண்டைக்காகச் சண்டை போடுவதை அவர்கள் கண்டதில்லை.

மே இதழில், பெயரோடு, இப்படி வந்தது:

‘ஜெயகுமாரி நைனாவுக்கு கிருபாவதி எழுதிக்கினது. நான் சிரிச்சது தப்பு. தெருவைக் கூப்ட்டு சிரிச்சது ரொம்பத் தப்பு. நீ அளவெடுக்காம செஞ்சதும் தப்புதான். அது கெடக்கட்டும். பீரோ உள்ளேயே நிக்குது. பூனை அது அடித்தட்டுல குட்டி போட்டுக்கினு கீது. மூணு குட்டி. ஒண்ணு உன்ன மாதிரியே மொறைக்குது. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க, நைனா எங்கன்னு கேட்டாங்க. நான் சொல்லல. களி கிண்டினா தெனம் ஒரு உருண்டை மிச்சம் ஆவுது. யாரு துன்றது? கல்யாணம் பதினாறாந் தேதி. வாசல் சின்னதா கீதுன்னுதான் சிரிச்சேன். அப்பறம் பீரோவ தொடச்சேன். நல்லா பாத்தேன். பீரோ நல்ல பீரோ. வாசல்தான் தப்பு. ரம்பம் எடுத்துக்கினு வா.’

மே நாலாம் தேதி மத்தியானம் அச்சுக்கூட வாசலில் இயேசுதாசன் நின்றார். தோளில் கருவிப் பை, கையில் ரம்பம். வீட்டுக்குக்கூடப் போகாமல் ரயிலடியிலிருந்து நேரே வந்திருந்தார்.

“பண்டிதரே, இதுல நீங்க கை வெச்சீங்களா?”

“முற்றுப்புள்ளி மட்டும்” என்றேன். ரம்பம் பெரிய ரம்பம். “அப்புறம் ஒரு ‘நான்’.”

“பீரோ நல்ல பீரோன்னு இருக்குதே, அந்த வரி?”

“போன மாதம் அதை அடித்துவிட்டேன். இந்த மாதம்...”

“அடிச்சிட்டீங்களா?” பத்திரிகையைப் பிரித்து அந்த வரியில் விரலை வைத்தார். “நாலு மாசம் செஞ்ச பீரோ. ஒரு ஆளும் நல்லாருக்குதுன்னு சொல்லல. வந்தவன் எல்லாம் வாசலத்தான் பாத்தான். அவ ஒருத்திதான் பீரோவ பாத்துக்கிறா.” மூக்கை உறிஞ்சினார். “இத போயி அடிச்சீங்களே!”

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வாசகரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அதற்குள் தெருவில் பாதி தூரம் போயிருந்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் வீட்டு நிலைவாசலைப் பெயர்த்து, சுவரில் ஓர் அடி இடித்து, பீரோவை வெளியே கொண்டுவந்து தெருவில் நிறுத்திவிட்டார். தெரு மறுபடி கூடியது. இந்தத் தடவை சிரிக்கவில்லை, கொடிப்பூவைத் தடவிப் பார்த்தார்கள். பூனை மட்டும் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு கோபமாகக் கூரைக்குப் போனது.

பதினாறாம் தேதி கல்யாணம் நன்றாக நடந்தது. ஜெயகுமாரி நைனா கையைப் பிடித்துக்கொண்டுதான் கோயிலுக்குள் நடந்தாள். என்னையும் முனிரத்தினத்தையும் பலமனேருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சீர் வண்டிக்குப் பின்னாலேயே போனோம். மாப்பிள்ளை வீட்டு வாசலில் வண்டி நின்றது. ஆறு பேர் பீரோவைத் தூக்கினார்கள். நேராகத் தூக்கினார்கள், சாய்த்துத் தூக்கினார்கள், படுக்க வைத்து இழுத்தார்கள்.

பீரோ உள்ளே போகவில்லை.

சம்பந்தி வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இயேசுதாசன் காதுவரை சிவந்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். இரண்டாந்தடவையும் அளக்கவில்லை! நான் கிருபாவதியைப் பார்த்தேன். அவள் உதடு துடித்தது. மறுபடி சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தெருமுனை நாய் எழுந்து வருகிற அந்தக் குரலில், கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

“இன்னா பாக்கறீங்க? பீரோ நல்ல பீரோ. வாசல்தான் தப்பு!”

இயேசுதாசன் தலையை நிமிர்த்தினார். “சம்பந்தி, கொஞ்சம் ஒதுங்குங்க” என்று சொல்லிவிட்டு, வண்டிக்கு அடியிலிருந்து ரம்பத்தை எடுத்தார். கொண்டுவந்திருக்கிறார் மனிதர்!